திருப்பிப் பிடித்த இலை

சட்டை நீலம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. வரவேற்புக்கு இதே நீலத்தில்தான் சட்டை எடுத்திருக்கிறேன், பொருத்தமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதி, தரணி தன் போட்டோ ஒன்றைச் சுகந்திக்கு அனுப்பியிருந்தான். கல்யாணப் பட்டெடுக்க வந்து, சேலத்துக் கடையின் மாடியில் வெள்ளை விரிப்பின் மேல் எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் அது வந்து சேர்ந்தது. அம்மா பாவாயி வாங்கிப் பார்த்து, மாப்பிள்ளை வெயிலில் கறுத்துவிட்டார் என்றாள். மாப்பிள்ளையின் அம்மா ருக்குமணி வாங்கிப் பார்த்து, என் பையன் போட்டோ என்றால் சிரிக்கவே மாட்டான், ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரிதான் நிற்பான் என்றாள். புடவை எடுத்துப் போடுகிற பையன்கூட எட்டிப் பார்த்துவிட்டு, இந்த நீலத்துக்கு அரக்கு நன்றாக இருக்கும் மேடம் என்று ஒன்றை உதறி விரித்தான். கடைசியில்தான் கைப்பேசி சுகந்தியிடம் திரும்பி வந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவனின் முகத்தை அவள் இன்னும் நன்றாகப் பார்த்து முடிக்கவில்லை, இன்று நிதானமாகப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கண் முகத்துக்குப் போகவில்லை. அவன் கை வைத்திருந்த செடிக்குப் போனது. குச்சிக்கிழங்குச் செடி, மரவள்ளி, ஆளுயரம். அதன் நுனியில் இலைகள் விரியாமல், ஒன்றின் மேல் ஒன்று நசுங்கி, முட்டைக்கோஸ் குருத்து மாதிரி கொத்தாகக் கூம்பிக் கிடந்தன. அதற்குக் கீழே அவன் கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஓர் இலை, அந்த இலையின் நரம்போரமாக வெள்ளையாக ஏதோ. அவள் இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். 

தூசியாக இருக்கலாம். அம்மா சொல்வாளே, உனக்கு எதைப் பார்த்தாலும் குறைதான் என்று, அப்படியும் இருக்கலாம். வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வருகிறவர்களை உட்கார வைத்து, இது தெளிவா, இப்போ தெளிவா, முன்னால் வைத்ததா இப்போது வைத்ததா என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு எதிலும் இரண்டு வில்லை மாற்றிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. மாற்றிப் பார்த்தாள். தூசி என்றால் இலையின் மேல்பக்கம் விழும், அடியில் போய் ஒட்டாது. தூசி என்றால் பரவலாகக் கிடக்கும், இப்படி நரம்பைப் பிடித்துக்கொண்டு வரிசை கட்டாது. அதுவும் போகட்டும், தூசி எந்த ஊரிலாவது குருத்தைச் சுருட்டுமா? மாவுப்பூச்சிதான் சுருட்டும். குருத்தில் வாயைக் குத்திச் சாறு உறிஞ்சும்போது அதன் எச்சிலும் உள்ளே இறங்கும், அந்த விஷத்தில் செடி நீள மறந்துவிடும், கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் ஒரு சாண் இருக்க வேண்டிய இடத்தில் விரல் நுழையாது, இலையெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கொத்தாகிவிடும். தேமல் நோய் என்றால் இலையில் மஞ்சள் திட்டு வரும், இதில் மஞ்சள் இல்லை, பச்சையாகவே நசுங்கியிருக்கிறது. இன்னொரு வில்லை. மாவுப்பூச்சியைத் தின்கிற கருவண்டின் புழுவாக இருந்தால்? அதுவும் வெள்ளையாக, பஞ்சு உடுத்திக்கொண்டு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், தெரியாதவர்கள் நல்லது செய்கிறதையே நசுக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தப் புழு என்றால் பயமில்லை. நேரில் என்றால் குச்சியால் தொட்டுப் பார்க்கலாம், புழு விறுவிறுவென்று ஓடும், மாவுப்பூச்சி அசையாது. போட்டோவில் எது ஓடும்? ஆனால் பக்கத்தில் கட்டை விரல் இருக்கிறது. வண்டின் புழு வளர்ந்தால் நகத்தின் நீளத்துக்கு வரும், சடை சடையாக இழை தொங்கும். இது நகத்தில் கால்வாசிகூட இல்லை, உருண்டு, மாவைத் தூவிய மாதிரி, தூவாத இடத்தில் லேசான ரோஜா நிறம். அப்புறம் அவளுக்கே தோன்றியது, புழுவாகவே இருந்தால்தான் என்ன, தின்ன ஏதும் இல்லாத இடத்துக்கு அது ஏன் வரப்போகிறது. எப்படிச் சுற்றினாலும் அந்த இலையிலேயே வந்து நின்றது.

அக்கா, இதைத் தோளில் போட்டுப் பாருங்கள் என்று பையன் ஒரு புடவையை அவள் மேல் சாய்த்தான். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள், கண்ணாடியில் அரக்கு நிறத்துக்கு மேலே யாரோ ஒருத்தி கைப்பேசியை விடாமல் நின்றாள். நன்றாயிருக்கிறது என்று ருக்குமணி அத்தை சொன்னாள். நன்றாயிருக்கிறது என்று இவளும் சொன்னாள். தரணிக்குப் பின்னால், போட்டோவின் மூலையில், வெட்டிய குச்சிகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன, மஞ்சள் நைலான் கயிற்றில் கட்டியவை. அந்தக் கயிறு இப்போது அவள் வீட்டு வேப்பமரத்தடியில் கிடக்கிறது. அந்தக் குச்சிகளும் அவள் வீட்டுக்குத்தான் வந்தன. போன வாரம் சரக்கு ஆட்டோவில், முன்னால் வாழைக்கன்று கட்டி, சம்பந்தியே கூட உட்கார்ந்து கொண்டுவந்து இறக்கினார். புது ரகம், மாவுச்சத்து கூட, ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்டைப் பார்த்துத்தானே விலை, இதைப் போட்டால் நாச்சிமுத்து மாமனுக்கு ஆலைக்காரன் நாற்காலி எடுத்துப் போடுவான் என்று சிரித்தார். அவர்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கமாம், சம்பந்தம் முடிவானால் பெண் வீட்டுக் காட்டுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து விதைக்குச்சி போக வேண்டுமாம், இரண்டு வீட்டுக் காட்டிலும் ஒரே செடி நிற்க வேண்டுமாம். அப்பா நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் கொடுக்கிற இடத்தில் இப்படி ஒரு மரியாதையை அவர் எதிர்பார்க்கவில்லை. அம்மா ஓடிப்போய் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். குச்சிக் கட்டுக்கு ஆரத்தி. ஒவ்வொரு கட்டுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். நுனியைக்கூடக் கழிக்காமல் இலையோடு கட்டியிருந்தார்கள், உயிரோடு கொடுக்கிற சீர், மொட்டையாகவா கொடுப்பது என்று. இலையோடு. அந்தக் கொத்துக் கொத்தான நுனிகளை ஏன் அன்றைக்கே அவள் ஒன்று விடாமல் புரட்டிப் பார்க்கவில்லை? வெட்டி நாலு நாள் ஆகி எல்லாம் வாடிச் சுருண்டு கிடந்தன, வாடின சுருட்டலுக்கும் பூச்சிச் சுருட்டலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. அன்றைக்கு அவள் குச்சியைப் பார்க்கவில்லை, சம்பந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மகன் வயதானால் இப்படித்தான் இருப்பானோ என்று.

ஆனால் நீலத் தொட்டியைப் பார்த்தாள். அது நன்றாக நினைவிருக்கிறது. குச்சியை நடவுக் கரணையாக வெட்டினால் அப்பா முதலில் செய்கிற வேலை, அந்தப் பிளாஸ்டிக் தொட்டியில் மருந்துத் தண்ணீர் கலந்து, சாண் நீளத் துண்டுகளைச் சாக்கில் போட்டு முக்கிப் பத்து நிமிஷம் ஊற விடுவது. கணுவின் கண்ணுக்குள்ளே, மொட்டின் இடுக்கிலே, முட்டையாகவோ குஞ்சாகவோ ஏதாவது உட்கார்ந்திருந்தால் அங்கேயே முடிந்துவிடும். மழை வந்தாலும் வெயில் வந்தாலும் அவர் அதை விட்டதில்லை. இந்த முறை தொட்டி கவிழ்த்தபடியே இருந்தது. தொட்டியை நிமிர்த்தட்டுமா அப்பா என்று அவள்தான் கேட்டாள். அவர் அவளை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சீரா வந்த குச்சிய வெசத்துல முக்கச் சொல்றியா சாமி? மஞ்ச வெச்ச கையோட அதையுமா செய்வாங்க?" அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசியிருக்கலாம். இன்று காலையில் கார் ஏறும்போது காட்டில் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கரணை வெட்டுகிற பெண்கள் வந்திருந்தார்கள், அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு முதல் கரணையை ஊன்ற நின்றிருந்தார். இந்நேரம் மேற்குக் காட்டில் பாதி முடிந்திருக்கும்.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் அப்பாவைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அது எங்கே அடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும், மோட்டார் அறையில், ஆணியில் மாட்டிய சட்டைப் பையில். சட்டையைக் கழற்றி மாட்டினால் அவர் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வருவார். மறுபடி கூப்பிட்டாள். பக்கத்துக் காட்டுக்காரருக்குப் போட்டால் ஓடிப்போய்ச் சொல்வார்தான், சொல்லிவிட்டு ஊரெல்லாம் போய்ச் சொல்வார், நாச்சிமுத்துவின் சம்பந்தி சீரோடு சீராகப் பூச்சியும் அனுப்பியிருக்கிறார் என்று சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை போய்விடும். அது மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு வர எவ்வளவு நேரமாகும்? ருக்குமணி அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை ஒரு புடவையின் முந்தானையைப் புரட்டி, அடிப்பக்கம் நூல் பிசிறு இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பக்கம் பார்க்கத் தெரிந்தவள்தானே. அத்தை தன் காட்டுச் செடியின் அடிப்பக்கத்தைப் பார்க்காமலா இருந்திருப்பாள்? அம்மாவிடம் சொல்லலாம். அம்மா என்ன சொல்வாள் என்பது அவளுக்கு மனப்பாடம். முதல் வரன் சத்தமாகச் சாப்பிடுகிறான் என்றாய், இரண்டாவது வரன் தன் தங்கையைக் கை நீட்டி அடித்தான் என்றாய், அதுவாவது சரி, இப்போது செடியில் பூச்சி என்கிறாயா, போட்டோவில் இருக்கிற செடியில்? போட்டோ வந்தால் எல்லாப் பெண்ணும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள், நீ இலையைப் பார்த்தாயா?  முகத்தைப் பார்த்தால் என்ன தெரியும், இலையைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறதே.

பயம் அங்கே இல்லை, பயம் வேறு இடத்தில் இருந்தது, அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்கே தெரிந்தது. கல்லூரி கடைசி வருஷம். அந்தக் கோடை. முதலில் காட்டோரத்தில் ஒரு செடி கொத்தாக நின்றது, அப்பா அதைப் பார்த்து என்ன இது பூ மாதிரி என்றார். பூ என்றுதான் அவர் சொன்னார். பதினைந்து நாளில் காடு முழுக்க அந்தப் பூ. தொட்டால் கை பிசுபிசுத்தது, பூச்சி கழிக்கிற தேன், அதன் மேல் கரி படர்ந்து இலையெல்லாம் அடுப்பில் வைத்த பாத்திரம் போலக் கறுத்தது, எறும்பு ஏறி ஏறி இறங்கியது. அப்பா மருந்தடித்தார். மாவுக்கு மேலே மருந்து வழிந்து ஓடியது, உள்ளே பூச்சி சுகமாக இருந்தது. வேறு மருந்து, அதைவிட வீரியமானது, மருந்தடித்து மருந்தடித்து அவருக்கே இரண்டு நாள் வாந்தி. அப்புறம் கிழங்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது, அந்தப் பூச்சி கடல் தாண்டி வந்ததாம், இங்கே அதைத் தின்ன எதுவுமில்லையாம். அதில் ஆணே கிடையாதாம். எல்லாமே பெண், ஒன்றே ஒன்று போதும், யாரும் துணை வேண்டாம், தன்னந்தனியாக நானூறு ஐநூறு முட்டை இடும், அத்தனையும் பெண்ணாகப் பொரியும். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கிழங்கு பிடுங்கினபோது விரல் தடிமன்கூட இல்லை, ஆலைக்காரன் வண்டியைத் திருப்பி அனுப்பினான். கடைசியில் அவர் செடியையெல்லாம் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்தார், வைத்துவிட்டு அந்தப் புகையிலேயே உட்கார்ந்திருந்தார், வாங்கப்பா என்று அவள் போய்க் கூப்பிட்டபோது, நீ ஆஸ்டலுக்குப் போ சாமி, இங்க இருக்காத என்றார், அவளைப் பார்க்காமல். அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க அவளால் முடியாது. அடுத்த வருஷம் குளவி விட்டார்கள், எறும்பைவிடச் சின்னது, குளவி என்று சொன்னால் நம்பமுடியாது, பூச்சிக்குள்ளேயே முட்டை வைத்து உள்ளேயிருந்தே அதைத் தின்றுவிட்டு, பழுப்புக் கூடாக ஆன உடம்பில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். மருந்தடித்தால் முதலில் சாவது குளவிதான் என்று சொன்னதும் அப்பா தெளிப்பானைப் பரணில் போட்டுவிட்டார். மெல்ல மெல்லக் காடு திரும்பி வந்தது. ஆனால் குளவிக்கு நேரம் வேண்டும், சித்திரை மழை வரை இந்த வெயில் பூச்சிக்குத்தான் சொந்தம், ஒரு காடு முழுக்க ஒவ்வொரு கரணையின் கண்ணிலும் அதைக் கொண்டுபோய் உட்கார வைத்தால், முளை வரும்போதே குருத்தோடு சேர்ந்து எழுந்துவிடும். இன்று நட்டது இன்றைக்கே தெரிந்தால் பிடுங்கி முக்கி மறுபடி ஊன்றலாம், கரணைக்கு ஒன்றும் ஆகாது, இன்னும் வேர்கூட விடவில்லை. நாலு நாள் போனால் குஞ்சுகள் நுனிக்கு ஏறத் தொடங்கும், காற்று கொண்டுபோகும், எறும்பு கொண்டுபோகும், பக்கத்துக் காடு, அதற்கடுத்த காடு.

மறுபடி போட்டோவை எடுத்தாள். இதைவிட லேசா இருந்தா கட்டறதுக்குச் சுகம் என்று அம்மா எதையோ காட்டினாள், ம் என்றாள். எத்தனை முறை பெரிதாக்கினாலும் ஒரு இடத்தில் நூல் சிக்கின மாதிரி கண் நின்றது, அது பூச்சி அல்ல, பூச்சிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். கட்டை விரல். போட்டோவுக்கு நிற்கிறவர்கள் செடியைப் பிடிப்பார்கள், கிளையில் கை வைப்பார்கள், சிலர் இலையை மோந்து பார்ப்பது போலக்கூட நிற்பார்கள். இவன் கட்டை விரலால் இலையின் விளிம்பை மடக்கி, அதன் அடிப்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் பிடித்திருந்தான். மேல்பக்கம்தானே பச்சை, அதுதானே அழகு. எந்த மனுஷன் அழகுக்காக இலையின் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான்? முகத்தைப் பார்த்தாள், இப்போதுதான் பார்த்தாள். சிரிக்காத முகம். வெயிலுக்குச் சுருங்கின கண் என்று எல்லோரும் நினைத்த கண். அது கேமராவை அல்ல, கேமராவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாரையோ, கேள் கேள் என்று பார்ப்பது போல இருந்தது. இல்லை, இது தானாக ஏற்றிக்கொள்வது. போட்டோவில் ஆயிரம் தற்செயல் இருக்கும். ஆனால் வரவேற்புச் சட்டைக்கு நிறம் காட்ட வேண்டியவன் சட்டையைத்தானே அனுப்பியிருக்க வேண்டும், காட்டில் போய் நிற்பானேன்? தெரிந்தும் வாயால் சொல்லாமல் இருந்திருக்கிறான். கோபம் வந்தது. முதலில் மெதுவாக, அப்புறம் காது சூடாகும்படி.

அவனோடு அவள் தனியாகப் பேசியது ஒரே ஒரு தடவை, அதுவும் சாப்பிட்டீங்களா என்பதோடு முடிந்தது. உடை மாற்றும் மறைப்புக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டாள். ஒரு மணிச்சத்தம்கூட முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டான், கையிலேயே வைத்திருந்தவன் போல.

"அந்த எலையத் திருப்பிப் புடிச்சிருக்கீங்களே, எதுக்குங்க?" என்றாள்.

 அந்தப் பக்கம் தூரத்தில் மாடு ஒன்று கத்தியது. "பாத்துட்டீங்களா" என்றான், பெருமூச்சு விட்டது போல. "குச்சி வெட்டறப்பவே பாத்தனுங்க. அப்பாகிட்டச் சொன்னேன். சீர்னு சொல்லியாச்சு, வண்டியும் வந்தாச்சு, இப்பப் பூச்சின்னா நம்மள என்ன நெனைப்பாங்கன்னுட்டார். உங்கப்பா எப்படியும் மருந்துல முக்கித்தான் நடுவாரு, ஊருக்கே தெரியும்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். நேத்துத்தான் தெரிஞ்சது முக்காம நடப்போறாருன்னு. அன்னைக்கு அப்பாகிட்டக் காட்டறதுக்காக எலையத் திருப்பிப் புடிச்சு எடுத்த போட்டோ இது. நீங்க காட்டுக்காரர் பொண்ணு, பாத்தாத் தெரிஞ்சுக்குவீங்கன்னு..."

"தெரிஞ்சிருக்கலீன்னா?"

 அவள் காத்திருந்தாள், அவன் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததே அவளுக்குக் கொஞ்சம் நல்லதாகப் பட்டது, சமாளிக்கத் தெரிந்தவனாக இருந்தால் இந்நேரம் ஏதாவது சொல்லியிருப்பான். அவன் நம்பியது என்ன என்று அவள் நினைத்துப் பார்த்தாள், எல்லோரும் சட்டையைப் பார்க்கிற இடத்தில் இவள் இலையைப் பார்ப்பாள் என்று நம்பியிருக்கிறான், அதுவும் ஒரு நம்பிக்கைதான், ஆனால் அதன் மேல் அப்பாவின் காட்டை வைத்திருக்கிறானே, ஒரு நிமிஷம் அவள் வேறு எதையாவது பார்த்திருந்தால், வெட்கப்பட்டு முகத்தை மட்டும் பார்த்திருந்தால். "இப்பவே வண்டிய எடுங்க" என்றாள்.  "எங்க காட்டுக்குப் போங்க. அப்பாகிட்டப் போட்டோவெல்லாம் காட்டாதீங்க, வாயால சொல்லுங்க. நட்டது அத்தனையும் புடுங்கி முக்கோணும். கழிச்ச நுனியெல்லாம் எங்க போட்டிருக்காங்கன்னு கேட்டு, ஒண்ணு விடாம எரிக்கோணும்." போறனுங்க என்றான். வண்டியை உதைக்கிற சத்தம் கேட்கும்வரை அவள் வைக்கவில்லை.

மறைப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால், விரிப்பின் மேல் புடவைகள் குவிந்து கிடந்தன, நடுவில் ருக்குமணி அத்தை ஒன்றை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தாள். வாயால் சொல்லுங்கள் என்று அவனிடம் சொல்லியாயிற்று. அதையேதான் இப்போது இவள் செய்ய வேண்டும், இல்லையென்றால் அவனுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம், இவளும் ஒரு இலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு யாராவது பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அத்தை சண்டைக்கு வரலாம். எங்கள் சீரில் குறை சொல்கிறாயா என்று எழுந்து போகலாம். புடவைகளை மடித்துவிடு தம்பி என்று பையனிடம் சொல்லிவிடலாம், அம்மா அழுவாள், கார் திரும்பி வரும்போது யாரும் பேசமாட்டார்கள். எல்லாம் ஆகட்டும். புகைக்குள் உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகு இதையெல்லாம்விடப் பெரிது. "அத்தைங்க" என்றாள், "நீங்க குடுத்த குச்சில மாவுப்பூச்சி இருக்குதுங்க. அப்பா முக்காம நடறாரு. நிறுத்தச் சொல்லியிருக்கேன்."

பாவாயி தொடையில் கிள்ளியதை அவள் உணர்ந்தாள். புடவைப் பையன் விரித்த கையோடு நின்றான். அத்தை கையை நீட்டினாள், சுகந்தி கைப்பேசியைக் கொடுத்தாள், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அத்தை சொந்த மகனின் முகத்தைத் தள்ளிவிட்டு நேரே நுனிக்குப் போனாள், இழுத்தாள், பெரிதாக்கினாள், கண்ணைச் சுருக்கினாள். நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் திரையைத் தொட்ட விரலையே தேய்த்துப் பார்த்துக்கொண்டாள்.

"கட்டு கட்டறப்பவே கை பிசுபிசுன்னுச்சு கண்ணு" என்றாள் தணிந்த குரலில். "குச்சிப் பால்னு நெனச்சுக் கழுவிட்டேன். நெனச்சேன்னு என்ன, நெனச்சுக்கிட்டேன்." பாவாயியைப் பார்த்தாள், பார்த்த வேகத்தில் தலை குனிந்துகொண்டாள். "ஒங்க மாமங்கிட்ட நான் பேசிக்கறேன். முக்கிட்டே நடட்டும். எங்க காட்டையும் பாக்கோணும் இனி."

யாருக்கும் புடவை பார்க்க மனம் வரவில்லை, எழுந்திருக்கவும் மனம் வரவில்லை. பையன் காபி சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனான். அம்மா கிள்ளிய இடத்தையே கொஞ்ச நேரம் கழித்துத் தடவிக் கொடுத்தாள். சுகந்தி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தரணி தன் ஊரிலிருந்து போகும் வழியை நினைத்தாள். மலையடிவாரத்திலிருந்து பாலம், பாலத்திலிருந்து ரயில்வே கேட், கேட் மூடியிருந்தால் என்ன ஆகும், கேட்டிலிருந்து கோயில் வளைவு, வளைவுக்குப் பின்னால் மண் பாதை. அவன் போய் என்ன சொல்வான்? அங்கே போயும் வாய் வராமல் நின்றால்? அப்பா வாங்க மாப்ள என்று மோர் கொடுத்து, அவன் குடித்துவிட்டு, நடவு எப்படிப் போகுது என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டால்? அப்பா முகத்தில் அந்தப் பெருமையைப் பார்த்தபின் சொல்வது சுலபமில்லை, அவளாலேயே முடியவில்லையே அன்றைக்கு. காபி வந்தது, ஆடை படிந்தது. கைப்பேசி நடுங்கியபோது அவள் எடுக்கப் பயந்தாள். அப்பாவின் எண்.

"மாப்ள வந்திருக்காரு சாமி" என்றார். மூச்சு வாங்கியது. பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம், தண்ணீர்ச் சத்தம். "வந்ததும் வராததுமா செருப்பக் கழட்டிப் போட்டுட்டுக் காட்டுக்குள்ள எறங்கிட்டாரு. மொதல்ல எனக்கு ஒண்ணும் புரியல. எங்க வீட்டுக் குச்சில பூச்சி மாமா, நாந்தான் சொல்லாம விட்டுட்டேன்னாரு. எல்லாப் பொம்பளைங்களும் நின்னு பாக்கறாங்க, அத்தனை பேரு முன்னாடியும் சொன்னாரு." அங்கே யாரிடமோ தொட்டியை நிமிர்த்தச் சொன்னார். "நீ அன்னைக்கே தொட்டிய நிமித்தட்டுமான்ன. நாந்தான்." அந்தக் குரல் அல்ல. புகைக்குள்ளிருந்து வந்த குரல் அல்ல. கூச்சப்படுகிற, ஆனால் வேலையில் நிற்கிற குரல். சரிப்பா, முக்குங்க முதல்ல என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போட்டோ ஒன்று வந்தது. தரணிதான் அனுப்பியிருந்தான், எழுத்து ஒன்றும் இல்லை. நீலத் தொட்டி நிமிர்ந்திருந்தது. அதற்குள் கரணைகள், மேலே அம்மா வைத்த மஞ்சள் கரைந்து தண்ணீரில் ஒரு படலமாக மிதந்தது, குங்குமம் ஒரு ஓரத்தில் கோடாக ஓடியது. பின்னால் காட்டோரம் நுனிகள் எரிகிற புகை. அப்பா அதில் உட்கார்ந்திருக்கவில்லை, கோலால் கிளறிக்கொண்டு நின்றிருந்தார். அவள் இரண்டு விரலால் இழுத்து ஒவ்வொரு கணுவாகப் பார்த்தாள், மிதக்கிற துண்டு ஏதாவது நனையாமல் மேலே நிற்கிறதா என்று பார்த்தாள், பார்த்து முடித்தபின்தான் முழங்கை வரை நனைந்து தொட்டி விளிம்பைப் பிடித்திருந்த ஒரு கையைக் கவனித்தாள். வெறும் கை. அதே கட்டை விரல்.

பாக்கட்டுமா என்று ருக்குமணி அத்தை கழுத்தை நீட்டினாள். ஒரு நிமிஷம்ங்க அத்தை என்று சொல்லிவிட்டு, சுகந்தி அவனுக்கு எழுதினாள், கைக்கு உறை போட்டுக்கொண்டு முக்குங்கள், மோட்டார் அறையில் சட்டை மாட்டியிருக்கிற ஆணிக்குக் கீழே இருக்கிறது. அனுப்பிவிட்டு, கைப்பேசியை அத்தையின் கையில் கொடுத்தாள். பிறகு எதிரே கிடந்த அரக்குப் புடவையை எடுத்து, முந்தானையைத் திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.